உட்கார்ந்து பார்த்து வைக்க வேண்டிய தட்டு

சித்திரை பிறக்கிறதுக்கு முந்தின ராத்திரி, கனித் தட்டை அடுக்கி முடித்ததும் எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், ஒரு காரியம் செய்வார். தட்டுக்கு எதிரே நாலடி தள்ளித் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து பார்ப்பார். அப்புறம் எழுந்து போய்க் கண்ணாடியை ஒரு விரல் அளவு நகர்த்துவார். மறுபடி உட்கார்ந்து பார்ப்பார். நாலைந்து முறை இப்படி நடக்கும். கூட நிற்கும் அம்மா, "போதும்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்பார். "நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கும் புள்ள. உக்காந்து பாக்கோணும். காலையில யாரு நின்னுட்டுப் பாக்கறா?" என்பது அமுச்சியின் பதில்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு அது. கோவை வட்டாரத்தில் எங்களுக்கு இது சித்திரைக்கனி. விடியக் காலையில் கண்ணை மூடியபடியே எழுந்து வந்து, பழமும் பூவும் தங்கமும் பணமும் வைத்த தட்டில், கண்ணாடியில் தெரியும் நம் முகத்தோடு சேர்த்து வருஷத்தின் முதல் காட்சியைப் பார்ப்பது. நாகர்கோவில் பக்கமும் இது உண்டு. மலையைத் தாண்டினால் பாலக்காட்டில் விஷுக்கணி. அவர்கள் சொல்வது 'கணி', அதாவது காண்பது. நாங்கள் சொல்வது 'கனி', பழம். ஒரே தட்டுதான். அவர்கள் பார்வையை வைத்துப் பெயர் சொல்கிறார்கள், நாங்கள் பழத்தை வைத்துச் சொல்கிறோம். ஆனால் எங்கள் அமுச்சிக்கு இது முழுக்க முழுக்கப் பார்வை சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் இருந்தது. தட்டில் என்னென்ன இருக்கிறது என்பதைவிட, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு என்னென்ன தெரிகிறது என்பதில்தான் அவர் கவனம் எல்லாம் இருக்கும்.

இப்போது கோவையில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பல வருஷமாக இந்தத் தட்டை நான்தான் வைக்கிறேன். அமுச்சி செய்ததற்கெல்லாம் காரணம் ஒவ்வொன்றாக, பெரும்பாலும் ஒரு தப்பு செய்த பிறகுதான், எனக்குப் புரிந்தது.

முதலில் கண்ணாடி. என் வீட்டில் நான் வைத்த முதல் வருஷம், நின்றுகொண்டே கண்ணாடியைச் சாய்த்து, என் முகம் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பையனைக் கண்ணை மூடிக் கூட்டி வந்து உட்கார வைத்தால், அவன் கண்ணாடியில் பார்த்தது சீலிங் ஃபேனை. தரையில் மனைப்பலகை மேல் தட்டு, அதற்குப் பின்னால் சுவரில் சாய்த்த கண்ணாடி. நிற்பவர் முகம் தெரிய வேண்டுமானால் அதை நிறையச் சாய்க்க வேண்டும். உட்கார்ந்தவருக்கு அதில் பாதிச் சாய்வு போதும். கண்ணாடியை நாம் எவ்வளவு திருப்புகிறோமோ, அதில் தெரியும் காட்சி அதைப்போல் இரண்டு பங்கு திரும்பிவிடும். அமுச்சி ஒரு விரல் ஒரு விரலாக நகர்த்தியது இதற்குத்தான். கொஞ்சம் கூடினாலும் விட்டம் தெரியும், குறைந்தால் மடி தெரியும்.

பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கும் உயரத்துக்குக் கண்ணாடியை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சரியாக வரும். கண்ணாடி நழுவாமல் இருக்க அடியில் ஒரு பழைய துணியை மடித்து வைக்க வேண்டும். மொசைக் தரையில் துணி இல்லாமல் வைத்தால் ராத்திரியில் மெதுவாகச் சறுக்கும்.

அடுத்து வெளிச்சம். குத்துவிளக்கைத் தட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைப்பது பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் விடியற்காலை இருட்டில் அந்த ஒரு விளக்கை மட்டும் ஏற்றினால், சுடர் கண்ணில் அடிக்கும், முன்னால் இருக்கும் பழமெல்லாம் கறுப்பு உருண்டைகளாகத் தெரியும். விளக்கு பார்ப்பவர் பக்கம் இருக்க வேண்டும். தட்டின் முன் விளிம்பை ஒட்டி இடது வலது ஓரங்களில் இரண்டு சின்ன விளக்குகள் வைத்தால், வெளிச்சம் பொருள்கள் மேல் விழுந்து நம் கண்ணுக்குத் திரும்பி வரும். கண்ணாடியிலும் முகத்தில் வெளிச்சம் இருக்கும். ஃபேனை அணைத்துவிட வேண்டும். டியூப் லைட் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அந்த வெள்ளை வெளிச்சத்தில் மாம்பழம் வெளிறிப்போய்விடுகிறது, தங்கம் தங்கமாகவே தெரிவதில்லை.

தட்டு என்று நான் சொல்வது பதினெட்டு அங்குலப் பித்தளைத் தாம்பாளம். புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதில் ஒன்றரைக் கிலோ பச்சரிசியைப் பரப்பிக்கொள்வேன். அரிசி மங்கலத்துக்குத்தான். ஆனால் அது செய்யும் வேலை இன்னொன்று உண்டு. மாம்பழமும் எலுமிச்சையும் வெறும் தாம்பாளத்தில் உருளும். அரிசியில் லேசாகக் குழி பறித்து உட்கார வைத்தால் எந்தப் பக்கம் காட்டி வைத்தோமோ அப்படியே நிற்கும். ஒரு ரூபாய்க் காசைக்கூட அரிசியில் செருகி, முகம் பார்ப்பவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தலாம். அரிசியைப் பின்பக்கம் மேடாக, முன்பக்கம் சரிவாகப் பரப்ப வேண்டும். அப்போதுதான் உட்கார்ந்து பார்க்கும்போது பின்வரிசை முன்வரிசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாது.

பழத்துக்கு வருவோம். முக்கனி என்று சொல்லிவிடுவது சுலபம். ஏப்ரல் நடுவில் கோவையில் மூன்றும் நல்லதாகக் கிடைப்பதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

மாம்பழம் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும். செந்தூரமும் பங்கனப்பள்ளியும் கடையில் மஞ்சள் மஞ்சளாக அடுக்கியிருப்பார்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சள், காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே இல்லை, அழுத்தினால் உள்ளே கட்டையாக இருக்கிறது என்றால் அது கல் வைத்துப் பழுக்கவைத்தது. கார்பைடு கல்லால் பழுக்கவைக்கத் தடை இருக்கிறது, ஆனாலும் சீசன் தொடக்கத்தில் இது கண்ணில் படாமல் இருப்பதில்லை. நான் ஐந்து நாள் முன்பே நன்றாக விளைந்த காயாக மூன்று வாங்கி, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிடுவேன். கனியன்று ஒரு ஓரம் பச்சை இருந்தாலும் பரவாயில்லை, வாசனை வந்திருக்கும். காம்பில் பால் கசிகிற பழத்தை அப்படியே வைக்கக் கூடாது. அந்தப் பால் பட்ட இடத்தில் தோல் கறுக்கும். காம்பைக் கிள்ளி, கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவித் துடைத்துவிட்டுத்தான் தட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

வாழையில் ரஸ்தாளிதான் ருசி. ஆனால் தட்டுக்கு வேண்டாம். ரஸ்தாளி நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து தானாக உதிரும். ராத்திரி முழுச் சீப்பாக வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் நாலு பழம் கழன்று அரிசியில் கிடக்கும். பூவன் சீப்போடு கெட்டியாக நிற்கும். அமுச்சி வீட்டில் கனிக்கு என்றைக்கும் பூவன்தான், அதுவும் லேசாகப் பச்சை ஓடியிருக்கும் சீப்பு. கொடுத்து வாங்க நல்ல பழம் தனியாக வாங்குவார்கள்.

பலாதான் தகராறு. தோட்டத்து வீட்டில் முழுப் பலாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வாழையிலை மேல் வைப்பார்கள். அடுக்குமாடி வீட்டுக்கு அது ஆகாது. பாதி அறுத்த பழத்தை வைத்தால் ராத்திரி முழுக்க வீடு மணக்கும், விடிவதற்குள் சின்னப் பழ ஈக்கள் மொய்த்துவிடும், எறும்பு வரிசை கட்டிவிடும். அந்த ஈக்கள் சுற்றும் தட்டை ஒரு வருஷம் நாங்கள் முதல் காட்சியாகப் பார்த்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு கிலோ அளவில் ஒரு பலாப்பிஞ்சை வாங்கி வைத்துவிடுகிறேன். முள்ளும் பச்சையுமாகப் பார்க்க அழகாக இருக்கும், மறுநாள் பொரியலாகவும் ஆகும். சுளை வேண்டும் என்றால், காலையில் விளக்கு ஏற்றுகிறவர் ஒரு கிண்ணத்தில் மூடி வைத்ததைத் திறந்தால் போதும்.

இந்த மூன்றோடு ஒரு சங்கடம் இருக்கிறது. மாம்பழம் மஞ்சள், வாழைப்பழம் மஞ்சள், பலாச்சுளை மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், தாம்பாளமும் மஞ்சள். விளக்கு வெளிச்சமும் மஞ்சள்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து, எது எது என்று தெரியாது. அதனால் நடுவில் ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை, ஒரு மாதுளை, ஒரு வெள்ளரிக்காய். திராட்சையைக் கழுவினால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் வடிந்து அடியிலிருக்கும் அரிசி ஊறிப்போகும், காலையில் புளித்த வாடை வரும்.

இதே காரணத்தால்தான் தங்கம் வெற்றிலை மேல். இது அமுச்சியின் சட்டம். தங்கச் சங்கிலியைப் பித்தளைத் தாம்பாளத்தில் போட்டால் அது காணாமலே போய்விடும். மஞ்சள் வெளிச்சம் விழுந்த அரிசி மேலே போட்டாலும் அப்படித்தான். கொழுந்து வெற்றிலை நாலைந்தை விசிறி மாதிரி விரித்து, அதன் மேல் சங்கிலியைக் குவியலாகப் போடாமல் ஒரு வளையமாக நீட்டி வைத்தால், அந்தப் பச்சையில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக மின்னும். இடம், தட்டின் முன்பக்கம், நட்டநடு. சின்னப் பொருள் என்பதால் அதற்குத்தான் முதல் வரிசை. முத்தோ பவழமோ பதித்த நகை என்றால் எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். புளிப்புச் சாறு பட்டால் இரண்டுக்கும் பளபளப்பு போய்விடும். ரூபாய் நோட்டைத் தனியாக நிறுத்தப் பார்க்காதீர்கள், மேலே ஒரு காசு வையுங்கள்.

பூ கடைசியில். மல்லிகையை 13-ஆம் தேதி சாயங்காலம் மொட்டாக வாங்க வேண்டும். ராத்திரியில் தானாக விரியும். காலையில் பூத்ததாக வாங்கியது என்றால் மறுநாள் விடியும்போது ஓரம் பழுத்துப்போயிருக்கும். வாழையிலையில் சுற்றி ஈரத்துணி போட்டு வைத்திருந்து, படுக்கப் போகும்போது தட்டில் வைப்பேன்.

கொன்றை எங்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பழக்கம். அந்த வீட்டு அக்காவுக்குச் சொந்த ஊர் பாலக்காடு. சரக்கொன்றை இல்லாத கனியை அவரால் நினைத்தே பார்க்க முடியாது. நல்ல வெயில் ஏறும் இந்தச் சமயத்தில்தான் சரஞ்சரமாகப் பூக்கும். கோவையில் தெருவோரத்திலேயே மரம் இருக்கிறது. பறித்த பூ சீக்கிரம் கொட்டிவிடும். சரத்தின் காம்பைச் சொம்புத் தண்ணீரில் போட்டு வைத்திருந்து, கடைசி நிமிஷத்தில் கண்ணாடியின் மேல் விளிம்பில் தொங்கவிட்டால் கண்ணாடிக்குள்ளும் ஒரு சரம் தொங்கும். உதிர்ந்தாலும் அரிசி மேல் விழும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. தங்கத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அந்த மஞ்சளுக்கு முன்னால் எந்தத் தங்கமும் எடுபடாது.

அக்காவுக்கும் எங்களுக்கும் சில வருஷம் நாள் மாறும். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவது பகலில் என்றால், சூரியன் மறைவதற்குள் நடந்துவிட்டதால் எங்களுக்கு அன்றே மாசப்பிறப்பு, அன்று காலையிலேயே கனி. அவர்களுக்கு, சூரியன் நுழைந்த பிறகு வரும் விடியலில்தான் கணி. 2023-இல் 14-ஆம் தேதி பிற்பகல் நுழைந்தது. நாங்கள் 14 காலையில் பார்த்தோம், அக்கா வீட்டில் 15. அடுத்த வருஷம் 13-ஆம் தேதி ராத்திரியே நுழைந்துவிட்டதால் இரண்டு வீட்டிலும் 14 காலை. நாள் மாறுகிற வருஷங்களில் என் தட்டுப் பலாப்பிஞ்சு மறுநாள் அவர் தட்டுக்குப் போகும்.

தட்டு வைத்தாகிவிட்டது. இனி விடியலில் அதை யார் முதலில் பார்ப்பது? வீட்டில் எல்லோரையும் கண்ணைப் பொத்திக் கூட்டி வருகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டி வர யாரும் இல்லை. அமுச்சி தட்டுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுப்பார். தலைமாட்டில் தீப்பெட்டி. விளக்கில் எண்ணெயும் திரியும் ராத்திரியே தயாராக இருக்கும், ஆனால் ஏற்றி வைக்க மாட்டார். பக்கத்தில் துணியும் பூவும் இருக்க, ஆள் தூங்கும் வீட்டில் விளக்கை எரியவிடுவது அவருக்குப் பிடிக்காது. நாலரை மணிக்கு விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்ந்து, கையால் தடவித் தீப்பெட்டியை எடுத்து, இடது கை விரலால் திரியின் நுனியைத் தொட்டு இடம் பார்த்துக்கொண்டு, வலது கையால் குச்சியைக் கிழிப்பார். திரி பற்றிக்கொண்ட சூடு விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். ஒரு வருஷம் நான் போர்வைக்குள்ளிருந்து திருட்டுத்தனமாக இதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுடர் வெளிச்சத்தில் அவர் தட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக. "கண்ணு, தொறக்காத. அப்படியே எந்திரிச்சு வா சாமி" என்று காதோரம் குரல். நல்லெண்ணெய் மணக்கும் உள்ளங்கை கண்ணைப் பொத்தியிருக்கும். அமுச்சியின் கணவர், படுக்கையாகக் கிடந்த அப்புச்சிக்கு மட்டும் தட்டே கட்டிலுக்குப் போகும். அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, மாமா தட்டைத் தூக்கிக்கொள்வார். அந்த வருஷங்களில் தட்டில் தேங்காயைக்கூடக் குறைத்துத்தான் வைத்தார்கள்.

இன்றைக்கு என் வீட்டில் பெரிய இடைஞ்சல் செல்போன்தான். அலாரத்தை நிறுத்தக் கை போகும், கண்ணும் கூடவே போகும், வருஷத்தின் முதல் காட்சி அந்தத் திரையாகிவிடும். அதனால் 13-ஆம் தேதி ராத்திரி எல்லார் போனையும் வாங்கி அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு, பழைய கடிகாரத்தில் அலாரம் வைக்கிறேன்.

கனி பார்த்ததும் பெரியவர்கள் கையில் காசு, குளியல், மாங்காயும் வேப்பம்பூவும் போட்ட பச்சடி. அப்புறம் கோயில். புலியகுளம் முந்தி விநாயகருக்கு அன்று பழங்களாலேயே அலங்காரம், காட்டூர் முத்துமாரியம்மனுக்கு ரூபாய் நோட்டாலும் நகையாலும். கூட்டத்தில் வரிசையில் நின்று அதைப் பார்க்கிறபோது, காலையில் நாம் வீட்டில் பார்த்த தட்டு சன்னிதி அளவுக்கு வளர்ந்து நிற்கிற மாதிரி எனக்கு இருக்கும்.

தட்டை அன்று சாயங்காலம் வரை கலைப்பதில்லை. கலைக்கும்போது முதலில் தங்கம், எண்ணிப் பார்த்து. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும். கிணறு வற்றி, ஆழப்படுத்தக் கடன் வாங்கிய வருஷம். அமுச்சியின் சங்கிலி, அம்மாவின் வளையல் எல்லாம் அடமானத்தில். தட்டில் வைக்கத் தங்கம் இல்லை. மஞ்சள் கிழங்கு வைத்தால் போதும் என்றார் மாமா. அமுச்சி ஒன்றும் சொல்லாமல் போய்க் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, பல வருஷமாகக் கழற்றாத ஒற்றைக்கல் மூக்குத்தியைத் திருகிக் கழற்றினார். மூக்கில் அந்த இடத்தில் வெளுப்பாக ஒரு பொட்டு. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துத் துளையில் செருகிக்கொண்டார். வெற்றிலை அன்று ஏனோ இல்லை. மூக்குத்தியை அரிசி மேலேயே வைத்தார்.

காலையில் கனி பார்த்தோம். நான் பார்த்தேன், கல் மின்னியது. சாயங்காலம் தட்டைக் கலைக்கும்போது மூக்குத்தி இல்லை. யாரோ தேங்காயை எடுக்கும்போது அரிசி சரிந்து உள்ளே போயிருக்கிறது. அமுச்சி முகம் பார்க்க முடியவில்லை. வாசலில் வெள்ளைத் துணியை விரித்து அரிசியைக் கொட்டினார்கள். அம்மா முறத்தில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் புடைத்தார். அந்தி வெளிச்சம் போய்விட்டது, அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைத்தார் மாமா. எல்லோரும் துணியைச் சுற்றி உட்கார்ந்து அரிசியை விரலால் தள்ளித் தள்ளித் தேடினோம். கடைசியில் அது முறத்தில் கிடைக்கவில்லை. காலியான தாம்பாளத்தைத் திருப்பிக் கவிழ்க்கப் போனபோது, விளிம்பின் மடிப்பில் சிக்கிக்கொண்டிருந்த மூக்குத்தி டிங் என்று திண்ணைக் கல்லில் விழுந்தது. அமுச்சி அதை எடுத்துத் துடைக்கக்கூட இல்லை, வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு அப்படியே போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து வெற்றிலை இல்லாமல் அந்த வீட்டில் தட்டு வைத்ததில்லை. வெற்றிலைக்கு அடியில் ஒரு சின்ன வெள்ளிச் சந்தனக் கிண்ணமும் வந்தது.

அந்தக் கிண்ணமும் மூக்குத்தியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. நான் மூக்குக் குத்திக்கொள்ளவில்லை. அது வருஷம் முழுக்கப் பீரோவில் ஒரு பஞ்சுக்குள் இருக்கும். சித்திரைக்கு முந்தின ராத்திரி எடுத்து, கிண்ணத்தின் மேல் வெற்றிலை விரித்து, கல் என்னைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டு, நாலடி தள்ளித் தரையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.